காலப் பயணப் படங்கள்: எந்தக் கடிகாரத்தைப் பின்தொடர்வது?

காலப் பயணப் படம் ஒவ்வொன்றிலும் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று ஊருக்கெல்லாம் பொதுவானது. சுவரில் தொங்கும் நாள்காட்டியும் அதோடு சேர்ந்ததுதான். மற்றொன்று பயணியின் உடம்பில் ஓடுவது. அவருக்குப் பசிப்பதும், தாடி வளர்வதும், காயம் ஆறுவதும், சற்றுமுன் நடந்தது நினைவில் நிற்பதும் இந்த இரண்டாவது கடிகாரப்படிதான். சாதாரண வாழ்க்கையில் இரண்டும் ஒன்றாகவே ஓடுவதால் யாரும் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இயந்திரத்தில் ஏறியதும் அவை பிரிந்துவிடுகின்றன. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தின் மார்ட்டி 1985இல் கிளம்பி 1955இல் போய் நிற்கிறான். ஊர்க் கடிகாரம் முப்பது ஆண்டு பின்னால் போயிருக்கிறது. அவன் உடம்புக்கோ அது அடுத்த நொடி.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1976இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். பயணிக்கு உரியதைத் தன்காலம் என்றும், உலகத்துக்கு உரியதைப் புறக்காலம் என்றும் தமிழில் சொல்லலாம். காலப் பயணப் படம் பார்த்துக் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, ஒவ்வொரு காட்சியையும் புறக்காலத்தில் உரிய இடத்தில் பொருத்த முயல்வதுதான். அதற்குத் தாளும் பேனாவும் வேண்டும். அம்புக்குறி போட்டாலும் பத்தாவது நிமிடத்தில் கோடுகள் பின்னிக்கொள்ளும். ஒரே ஓர் ஆளின் தன்காலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கதை நேர்க்கோட்டில் வருகிறது. முதலில் இது அவருக்கு நடந்தது, அடுத்து இது நடந்தது, அவ்வளவுதான். நாள்காட்டி எங்கே இருக்கிறது என்ற கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தப் படத்தின் உலகில் இறந்தகாலம் மாறுமா, மாறாதா? முரண்களை ஒரு படம் எப்படிச் சமாளிக்கிறது என்பது முழுக்க இந்த விடையைப் பொறுத்தது.

எல்லாரும் கேள்விப்பட்ட முரண் தாத்தாவைப் பற்றியது. ஒருவர் பின்னோக்கிப் போய், தன் தாத்தாவை அவருக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே கொன்றுவிட்டால், கொன்றவர் பிறந்திருக்க முடியாது. பிறக்காதவர் போய்க் கொல்லவும் முடியாது. லூயிஸ் இதற்குச் சொன்ன விடை எளிமையானது. அவருடைய எடுத்துக்காட்டில் வரும் டிம் என்பவனிடம் துப்பாக்கி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, 1921இல் தாத்தா அவன் எதிரிலேயே நடந்து போகிறார். ஆனாலும் டிம் தோற்பான். ஏதோ மாய சக்தி அவன் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. கடைசி நேரத்தில் ஒரு சத்தம் கேட்டுக் கவனம் சிதறலாம், குறி தப்பலாம், மனம் இளகிவிடலாம். தாத்தா அன்று சாகவில்லை என்பது நடந்து முடிந்த செய்தி. டிம் அங்கே போனதும் சுட முயன்றதும் தோற்றதும்கூட அந்த நடந்து முடிந்த நாளின் பகுதிகள்தான். அந்த நாள் இரண்டு முறை நடக்கவில்லை. டிம்மும் உள்பட ஒரே ஒரு முறைதான் நடந்தது.

இந்த விதிப்படி எடுக்கப்பட்ட படங்களில் மிகக் கச்சிதமானது, நாச்சோ விகலோண்டோ இயக்கி 2007இல் வந்த ஸ்பானியப் படம் ‘டைம்கிரைம்ஸ்’. ஒரு வீடு, ஒரு காடு, ஓர் ஆராய்ச்சி நிலையம், நான்கே முக்கியப் பாத்திரங்கள். கதை ஒரே நாளுக்குள் முடிகிறது. தன்காலத்தைப் பின்தொடர்வது என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. கீழே அதன் கதை முழுவதும் வெளிப்படுகிறது; படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எக்தோர் நடுத்தர வயதுக்காரர். மனைவி கிளாராவுடன் ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் குடியேறி அதைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால் எதிர்முனையில் பேச்சே இல்லை. தோட்டத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் காட்டைப் பார்க்கும்போது ஓர் இளம்பெண் உடைகளைக் களைவது தெரிகிறது. கிளாரா வெளியே போயிருக்கும் நேரத்தில் அவர் காட்டுக்குள் போய்ப் பார்க்கிறார். அந்தப் பெண் அசைவற்றுக் கிடக்கிறாள். அருகில் போனதும், முகம் முழுக்க இளஞ்சிவப்புக் கட்டுத்துணி சுற்றிய ஒருவன் அவர் கையில் கத்தரிக்கோலால் குத்துகிறான். எக்தோர் தப்பி ஓடி ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைகிறார். அங்கே கைக்காயத்தில் துணியைச் சுற்றிக்கொள்கிறார். வாக்கி-டாக்கியில் பேசும் ஓர் ஊழியர், கட்டுத்துணிக்காரன் பின்னாலேயே வருகிறான் என்று எச்சரித்து அவரை ஓர் இயந்திரத்துக்குள் ஒளியச் சொல்கிறார். உள்ளே போகும்போது இருட்டியிருக்கிறது. மூடி திறந்து வெளியே வரும்போது பகல் வெளிச்சம்.

இதுவரை உள்ள பகுதியில் பார்வையாளர் செய்ய வேண்டியது ஒன்றே: விளக்கம் கிடைக்காதவற்றை மனத்தில் குறித்துக்கொள்வது. பேசாத தொலைபேசி யாருடையது? அந்தப் பெண் ஏன் காட்டில் உடை களைந்தாள்? கட்டுத்துணிக்காரன் யார்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் படம் நகர்ந்துவிட்டது. இறந்தகாலம் மாறாத படங்களில் இப்படி விடப்படும் ஓட்டைகள் ஒவ்வொன்றும், பின்னால் யாரோ ஒருவர் வந்து நிரப்ப வேண்டிய இடங்கள். அந்த யாரோ பெரும்பாலும் பயணியேதான்.

வெளியே வந்த எக்தோரை இரண்டாம் எக்தோர் என்று வைத்துக்கொள்ளலாம். படத்தின் ஊழியரும் அப்படித்தான் எண்ணிட்டு அழைக்கிறார். அவருடைய அடையாளம் கையில் சுற்றிய துணி. தொலைநோக்கியில் தன் வீட்டைப் பார்த்தால் அங்கே முதலாம் எக்தோர் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். இவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்கிறார், மறுமுனையில் தன் குரலே கேட்கவும் பேசாமல் இருந்துவிடுகிறார். முதல் ஓட்டை நிரம்பிவிட்டது. சும்மா இருங்கள், மற்றவர் வந்து இயந்திரத்துக்குள் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஊழியர். எக்தோரால் சும்மா இருக்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஒரு வேன் வந்து மோதுகிறது, கார் மரத்தில் இடிக்கிறது, தலையில் காயம். கையில் இருந்த துணியை அவிழ்த்துத் தலையைச் சுற்றிக் கட்டுகிறார். இரத்தம் ஊறி அது இளஞ்சிவப்பாகிறது.

படத்தின் மிக நல்ல தருணம் இது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையிலிருந்து தலைக்கு ஒரு துணி இடம் மாறுகிறது, கட்டுத்துணிக்காரன் யார் என்று தெரிந்துவிடுகிறது. பார்வையாளருக்குத் தெரியும் அதே நேரத்தில் எக்தோருக்கும் தெரிகிறது. விபத்தைப் பார்த்து உதவ வரும் சைக்கிள்காரப் பெண், தொலைநோக்கியில் தெரிந்த அதே பெண். முதலாம் எக்தோர் காட்டுக்கு வராவிட்டால் இயந்திரத்துக்குள்ளும் போகமாட்டார் என்ற அச்சத்தில், தான் கண்டதையெல்லாம் இவரே நடத்தி வைக்கிறார். அவளை மிரட்டி உடை களையச் சொல்கிறார். தன்னுடைய பழைய உடம்பின் கையில் கத்தரிக்கோலால் குத்துகிறார். லூயிஸின் டிம்முக்கு நடந்ததும் இதுவும் ஒரே வகை. எக்தோரை எந்த விதியும் பிடித்துத் தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் அவர் தன் விருப்பத்தோடு, தனக்குச் சரியென்று பட்ட காரணத்தோடு செய்கிறார். செய்ததெல்லாம் ஏற்கெனவே நடந்ததோடு பொருந்திவிடுகிறது.

பிறகு வீட்டில் ஒரு துரத்தல். கூரையிலிருந்து ஒரு பெண் விழுந்து இறக்கிறாள். விழுந்தவள் கிளாரா என்று எக்தோர் நம்புகிறார். அதைத் தடுப்பதற்காக மறுபடி இயந்திரத்தில் ஏறி மூன்றாம் எக்தோராகிறார். இரண்டாமவரைத் தடுத்துவிட்டால் போதும் என்று வேனை எடுத்துக்கொண்டு அவர் காரை மோதுகிறார். தலைக்காயத்தையும் கட்டுத்துணியையும் உண்டாக்கியது அந்த மோதல்தான். தடுக்கப் போனவரே தொடக்கி வைத்துவிட்டார். கடைசியில், வீட்டில் விழுந்து இறந்தவளின் முகத்தைத் தான் பார்க்கவில்லை, கூந்தலையும் கோட்டையும்தான் பார்த்தோம் என்பது அவருக்கு உறைக்கிறது. கிளாராவைப் பத்திரமாக ஒளித்துவைக்கிறார். அந்த இளம்பெண்ணின் கூந்தலை வெட்டி, கிளாராவின் கோட்டை மாட்டிவிட்டு, மாடிக்கு அனுப்புகிறார். நடந்தது எதுவும் மாறவில்லை. நடந்ததாக நினைத்தது மட்டும் மாறியிருக்கிறது. இறந்தகாலம் மாறாத படங்கள் எல்லாவற்றிலும் கதாசிரியருக்குக் கிடைக்கும் ஒரே இடைவெளி இதுதான்: பார்த்ததற்கும் நடந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி. இந்த வகையில் ஒரு படத்தின் முடிவை ஊகிக்க வேண்டுமென்றால், பயணி எதைத் தன் கண்ணால் முழுமையாகப் பார்க்கவில்லை என்று கேட்டால் போதும்.

இந்தப் படத்தைத் தாளில் வரைந்தால் மூன்று கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிடும். எக்தோரின் தோளில் ஏறிக்கொண்டு போனால் ஒரே கோடுதான்: கைக்காயம், தலைக்காயம், கடைசியாகக் கட்டவிழ்ந்த முகம். கேமராவும் படம் முழுக்க அவரை விட்டு விலகுவதில்லை. உடம்பில் உள்ள தடயங்கள் தன்கால வரிசையைத் தாமே சொல்லிவிடுகின்றன. காயம், கட்டு, கிழிந்த சட்டை, தாடி இவற்றை நல்ல இயக்குநர்கள் இதற்காகவே வைக்கிறார்கள். ஒரு காட்சியில் வரும் ஆள் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவர் என்ற ஐயம் வந்தால் தேதியைத் தேடுவதைவிட, அவருக்கு இதுவரை என்னென்ன தெரிந்திருக்கிறது, உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது விரைவில் விடை தரும்.

இதே வகைப் படங்களில் தாத்தா முரணைவிடச் சங்கடமான இன்னொன்று உண்டு. ‘சம்வேர் இன் டைம்’ என்ற 1980ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு முதிய பெண் 1972இல் ரிச்சர்ட் என்ற இளைஞனிடம் ஒரு பாக்கெட் கடிகாரத்தைக் கொடுக்கிறாள். எட்டு ஆண்டுகள் கழித்து அவன் 1912க்குப் போகிறான், இளம் வயதில் இருக்கும் அதே பெண்ணிடம் அந்தக் கடிகாரத்தை விட்டுவிட்டு வருகிறான். அவள் அறுபது ஆண்டுகள் வைத்திருந்து 1972இல் அவனிடம் கொடுக்கிறாள். அப்படியானால் அந்தக் கடிகாரத்தைச் செய்த கொல்லன் யார்? எவரும் இல்லை. அதற்குத் தொடக்கமே கிடையாது. இதில் தர்க்க முரண் எதுவும் இல்லை. யாரும் யாரையும் இல்லாமல் ஆக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடிகாரத்தின் தன்காலத்தைப் பின்தொடர்ந்தால், ஒரு சுற்றுக்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் அதற்கு வயது கூடுகிறது. உலோகம் தேய வேண்டும், கீறல் விழ வேண்டும். ஆனால் 1912இல் அவள் கையில் போன கடிகாரமும், சுற்றி முடித்து மறுபடி 1912க்கு வரும் கடிகாரமும் ஒரே பொருள், ஒரே கணம். தேய்ந்ததும் தேயாததும் ஒன்றாக இருக்க முடியாது. அதனால்தான் கவனமான எழுத்தாளர்கள் தொடக்கமில்லாத பொருளைத் தவிர்த்துத் தொடக்கமில்லாத செய்தியைச் சுற்றில் விடுகிறார்கள். ஒரு பாட்டோ சூத்திரமோ எத்தனை முறை சுற்றினாலும் தேயாது.

இறந்தகாலம் மாறும் படங்களில் வேலை வேறு. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ (1985) இதன் முன்மாதிரி. மார்ட்டி தன் பெற்றோர் முதன்முதலில் சந்திக்கவிருந்த தருணத்தைக் குறுக்கே வந்து கெடுத்துவிடுகிறான். அவன் கையில் உள்ள புகைப்படத்தில் முதலில் அண்ணன், அடுத்து அக்கா, பிறகு அவன் என்று ஒவ்வொருவராக மங்குகிறார்கள். ஒரேயடியாக மறையாமல் ஏன் வரிசையாக மங்க வேண்டும் என்பதற்குத் தர்க்கம் கிடையாது. 1955 நவம்பர் 12 இரவு 10:04க்கு மணிக்கூண்டில் இடி விழும் முன் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்ற அவசரத்தைக் கண்ணால் காட்ட அது தேவைப்படுகிறது. முரணைத் தீர்ப்பதற்குப் பதில் அதற்கு ஒரு கெடு வைத்துவிடுகிறார்கள். படம் வெற்றி பெற்றதற்கு இந்த உத்தி ஒரு முக்கியக் காரணம்.

இத்தகைய படங்களில் இரண்டைத்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்: பயணிக்கு நினைவிருக்கும் பழைய உலகம், இப்போது இருக்கும் கடைசி உலகம். நடுவில் வந்துபோனவற்றை மறந்துவிடலாம். மார்ட்டி கிளம்பும்போது அந்த வணிக வளாகத்தின் பெயர்ப்பலகையில் இரட்டைப் பைன் மரம். 1955இல் அவன் வண்டி ஒரு பைன் கன்றை இடித்துச் சாய்க்கிறது. திரும்பி வரும்போது அதே பலகையில் ஒற்றைப் பைன் மரம். அதன் பெயரும் அப்படியே மாறியிருக்கிறது. யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. மார்ட்டியின் நினைவுக்கும் பலகைக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் கதை. தமிழில் 2015இல் வந்த ஆர். ரவிகுமாரின் ‘இன்று நேற்று நாளை’யும் இதே விதியில் நடக்கிறது. 2065இலிருந்து வந்து சேர்ந்த இயந்திரத்தைக் கொண்டு நாயகர்கள் காணாமல்போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். அந்தப் போக்குவரத்தில் ஏற்பட்ட சிறு மாற்றத்தால், போலீஸ் என்கவுன்டரில் செத்த ரவுடி உயிரோடு இருக்கும் உலகம் வந்துவிடுகிறது. அவன் செத்த நினைவு பயணிகளுக்கு மட்டுமே உண்டு. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பிற்பாதி முழுவதும் தெளிவாகிவிடும்.

மாறும் விதியில் ஒரு பொல்லாத இடம், மாற்றம் பயணியின் உடம்பிலேயே தெரிவது. ரயன் ஜான்சனின் ‘லூப்பர்’ (2012) படத்தில், நிகழ்காலத்தில் ஓர் இளைஞனைப் பிடித்து உறுப்புகளை வெட்டுகிறார்கள். எதிர்காலத்திலிருந்து வந்து ஓடிக்கொண்டிருக்கும் அவனுடைய முதிய உருவத்தின் விரல்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன, பிறகு கால். பார்க்க நடுக்கம் தருகிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் காலில்லாமல் வாழ்ந்தவர் இவ்வளவு தூரம் எப்படி ஓடி வந்தார்? படத்திடம் விடை இல்லை. வேறொரு காட்சியில் முதிய ஜோ, இதைப் பேச ஆரம்பித்தால் ஸ்ட்ராக்களை வைத்துப் படம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று எரிந்து விழுகிறார். அது இயக்குநர் பார்வையாளருக்குச் சொல்லும் நேர்மையான செய்தி: இங்கே உணர்ச்சியைப் பின்தொடருங்கள், கணக்கைத் தேடாதீர்கள்.

கிளை பிரியும் படங்களில் முரணே எழுவதில்லை. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) படத்தில் 2023ஆம் ஆண்டின் நெபுலா, 2014இலிருந்து வந்த தன்னையே சுட்டுக் கொல்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவள் அவளுடைய இறந்தகாலம் அல்ல, வேறொரு கிளையில் வளர்ந்தவள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இவர் எந்தக் கிளையில் பிறந்தவர் என்பது மட்டுமே. சுழற்சிப் படங்கள் இன்னும் எளிது. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) படத்தில் அப்துல் காலிக் ஒவ்வொரு முறை செத்ததும் விமானத்தில் கண் விழிக்கிறான். எத்தனையாவது சுற்று என்று எண்ண வேண்டியதில்லை. யாருக்கு நினைவிருக்கிறது என்று பார்த்தால் போதும். தனுஷ்கோடிக்கும் நினைவிருக்கிறது என்று தெரியும் இடத்தில் ஆட்டம் மாறுவது அதனால்தான்.

தன்காலத்தைப் பின்தொடரும் முறை கைவிடும் படமும் உண்டு. ஷேன் கர்ரூத் ஏறத்தாழ 7,000 டாலரில் எடுத்து, 2004 சண்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் முதன்மைப் பரிசை வென்ற ‘பிரைமர்’ 77 நிமிடப் படம். அதன் இயந்திரம் ஒரு பெட்டி. காலையில் அதை இயக்கிவிட வேண்டும். மாலையில் உள்ளே ஏறி ஆறு மணி நேரம் கிடந்தால், இயக்கிய காலைப் பொழுதில் வெளியே வரலாம். இயக்கிய நேரத்துக்கு முன்னால் போக முடியாது. ஏபும் ஆரனும் பகல் முழுக்க ஓட்டல் அறையில் அடைந்துகிடந்து, பங்கு விலைகளைத் தெரிந்துகொண்டு, பெட்டியில் ஏறி, அதே பகலை மறுபடி வாழ்ந்து பங்கு வாங்குகிறார்கள். ஓட்டலில் ஆறு மணி, பெட்டியில் ஆறு மணி, மறுபடி வெளியே ஆறு மணி. ஊருக்கு 24 மணி நேரமான நாள் அவர்கள் உடம்புக்கு 36 மணி நேரம். இதுவரை முறை அழகாகப் பொருந்துகிறது, தடயங்களும் கிடைக்கின்றன. காதில் இரத்தம் வடிகிறது, கையெழுத்து கோணலாகிறது.

முறை முறியும் இடம் இனித்தான். ஆரன் ஏபுக்குத் தெரியாமல் முன்பே ஒருமுறை பின்னோக்கி வந்துவிட்டவன். நாம் பார்த்த காட்சிகளில் அவன் காதில் இருந்த செவிப்பொறியில், அவன் முன்பே பதிவுசெய்து வைத்த அதே உரையாடல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதாவது பார்வையாளர் பின்தொடர்ந்த ஆள், அவர் நினைத்த கட்டத்து ஆரன் அல்ல. ‘டைம்கிரைம்ஸ்’ எக்தோரின் பக்கத்திலேயே நின்றது. ‘பிரைமர்’ எந்த உடம்பின் பக்கத்தில் நிற்கிறது என்பதை வேண்டுமென்றே மறைக்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது செவிப்பொறியைக் கவனித்து ஆரனின் வரிசையை ஓரளவு மீட்டுவிடலாம். தாமஸ் கிரேஞ்சரின் வரிசையை அப்படி மீட்க முடியாது. அன்றுதான் மழித்த முகத்தோடு காணப்பட்ட அவர், இரவில் சில நாள் தாடியோடு தெருவில் காரில் உட்கார்ந்திருக்கிறார். தாடி அவருடைய தன்காலத்தைத் தெளிவாகச் சொல்கிறது: அவரும் பெட்டியில் ஏறி வந்தவர். அவருக்கு அதைப் பற்றி யார் சொன்னார்கள், எதற்காக வந்தார் என்பதைப் படம் எங்கும் சொல்வதில்லை. ஏபும் ஆரனும் எத்தனையோ ஊகம் செய்துபார்த்துக் கைவிடுகிறார்கள். அந்த இடத்தில் விடை படத்துக்குள்ளேயே இல்லாததால், பார்வையாளரும் அவர்களோடு சேர்ந்து அதைக் கைவிட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம்.